வாட்ஸ்அப் போட்டோவில் வரும் ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் பெயர் சொல்வது எப்படி: கடை அனுபவம்

மன்னார்குடியில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். நேரில் வருகிறவர்களைவிட வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பிக் கேட்கிறவர்கள்தான் இப்போது அதிகம். "அண்ணே, இது என்ன ரேம்? இதே மாதிரி ஒண்ணு இருந்தா பஸ்ல போட்டு விடுங்க" என்று ஒரு வரி, கூடவே மங்கலாக ஒரு படம். ஸ்டிக்கர் தெளிவாக இருந்தால் பிரச்சினையே இல்லை, படித்துச் சொல்லிவிடலாம். ஸ்டிக்கர் கிழிந்தோ, எழுத்து அழிந்தோ, வேண்டிய பக்கம் படத்தில் இல்லாமலோ வரும்போதுதான் உருவத்தை வைத்துப் பெயர் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைத் தப்பாகச் சொல்லித்தான் சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்டேன்.

முத்துப்பேட்டையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் ஒரு தம்பி, பழைய டெஸ்க்டாப்பின் ரேமைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். ஸ்டிக்கர் இல்லை. ஸ்லாட்டுக்குள் இறங்கும் தங்க நிறப் பின்களின் வரிசைக்கு நடுவே இருக்கும் கட், ஒரு பக்கமாக நன்றாக ஒதுங்கித் தெரிந்தது. டெஸ்க்டாப் ரேமில் கட் அப்படி ஒதுங்கியிருந்தால் மூன்றாம் தலைமுறை, அதாவது டிடிஆர்3 என்று மனதில் பதிந்திருந்தது. ஒரு 4 ஜிபி டிடிஆர்3 எடுத்துப் பேப்பரில் சுற்றி மதியம் பஸ்ஸில் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் போன். "அண்ணே, உள்ள இறங்க மாட்டேங்குது. கொஞ்சம் அழுத்திப் பாக்கட்டுமா?" வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முன்பே ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டார். ஸ்லாட்டின் நடுவிலிருக்கும் தடுப்பு பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்திருந்தது. அவர் கையில் இருந்தது டிடிஆர்2.

அன்று இரவு கடையை மூடாமல் அந்தப் படத்தையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் பொய் சொல்லவில்லை. அவர் போனைச் சாய்வாக, மிக அருகில் பிடித்து எடுத்திருக்கிறார். கேமராவுக்குப் பக்கத்தில் இருந்த முனை நீண்டும், தள்ளியிருந்த முனை குறுகியும் விழுந்திருக்கிறது. கிட்டத்தட்ட நடுவில் இருந்த கட், ஒதுங்கி இருப்பதுபோல் தெரிந்ததற்குக் காரணம் அதுதான்.

அதற்குப் பிறகு கண் மதிப்பில் பெயர் சொல்வதை விட்டேன். கடையில் இருந்த பழைய ரேம்களை ஒவ்வொன்றாக மேஜையில் வைத்து ஸ்கேலால் அளந்தேன். டெஸ்க்டாப் ரேம் எந்தத் தலைமுறையானாலும் நீளம் ஒன்றுதான், 133.35 மில்லிமீட்டர். கட் இருக்கும் இடம்தான் மாறுகிறது. பக்கத்து முனையிலிருந்து கட்டின் மையம் வரை அளந்து மொத்த நீளத்தால் வகுத்தால், டிடிஆர்3க்கு 41 சதவீதம் வருகிறது. முதல் டிடிஆருக்கு 44, டிடிஆர்2க்கு 47.

இதில் ஒரு வசதி இருக்கிறது. கட் இடப்பக்கம் இருக்கிறதா வலப்பக்கம் இருக்கிறதா என்று பார்க்கவே வேண்டாம். ரேமைத் திருப்பிப் போட்டாலோ, செல்ஃபி கேமராவில் எடுத்துக் கண்ணாடி பிம்பமாக வந்தாலோ இடம் வலமாகிவிடும், ஆனால் விகிதம் மாறாது. நிஜ அளவு தெரியவும் தேவையில்லை. படத்தை மானிட்டரில் பெரிதாக்கி, திரைமேலேயே ஸ்கேலை வைத்து அளப்பேன். ஒருமுறை திரையில் ரேம் 24 சென்டிமீட்டர் நீளம் வந்தது, கிட்ட உள்ள முனையிலிருந்து கட்டின் மையம் வரை 9.8. வகுத்தால் 0.408. அது டிடிஆர்3. அதே 24 சென்டிமீட்டரில் டிடிஆர்2 என்றால் 11.3 வந்திருக்கும். ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசத்தில் யாரும் தடுமாற மாட்டார்கள்.

படம் நேராக இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். அதனால் அளப்பதற்கு முன் ரேமின் இரண்டு ஓரங்களின் உயரத்தைத் திரையில் அளந்து பார்த்துவிடுவேன். இடது ஓரமும் வலது ஓரமும் ஒரே உயரம் இருந்தால் படம் நேர். ஒன்று பெரிதாக இருந்தால் அந்தப் பக்கம் கேமராவுக்கு அருகில் இருந்திருக்கிறது என்று பொருள், படத்தை மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லிவிடுவேன். முத்துப்பேட்டைப் படத்தில் ஒரு ஓரம் மற்றதைவிடக் கால்வாசி பெரிதாக இருந்தது. அன்று இதைப் பார்த்திருந்தால் அந்த ஸ்லாட் தப்பித்திருக்கும்.

டிடிஆர்4 வந்தபோது ஒரு புதுச் சிக்கல் வந்தது. அதன் கட்டும் 47 சதவீதத்தில்தான் இருக்கிறது, கிட்டத்தட்ட டிடிஆர்2 இருக்கும் இடம். விகிதத்தை மட்டும் நம்பினால் பல வருட இடைவெளி உள்ள இரண்டு ரேமுக்கு ஒரே பெயர் சொல்லிவிடுவோம். இங்கே பார்க்க வேண்டியது கீழ் விளிம்பு. டிடிஆர்2 ரேமில் பின்கள் இருக்கும் விளிம்பு ஒரே நேர்கோடு. டெஸ்க்டாப் டிடிஆர்4 ரேமை மேஜை விளிம்போடு ஒட்டி நிறுத்திப் பாருங்கள்: நடுப்பகுதி கொஞ்சம் கீழே இறங்கியும் இரு முனைகள் கொஞ்சம் மேலே ஏறியும் இருக்கும். ஸ்லாட்டில் செருகும்போது எல்லாப் பின்னும் ஒரே நேரத்தில் உராயாமல், அழுத்தம் குறைய வேண்டும் என்பதற்காகச் செய்த வளைவு அது. பின்களும் நெருக்கமானவை. டிடிஆர்2இல் 240 பின், டிடிஆர்4இல் அதே நீளத்தில் 288. படத்தில் எண்ண முடியாவிட்டாலும், பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் ஸ்கேல் இருந்தால் தெரிந்துவிடும். டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டிலும் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு பின். டிடிஆர்4இல் இடைவெளி 0.85, அதனால் ஸ்கேல் கோடுகளைப் பின்கள் முந்திக்கொண்டு போகும்.

முதல் டிடிஆரைப் பிரிக்க அளவுகூட வேண்டாம். அதன் சிப்களின் ஓரத்தில் பெரும்பாலும் வெள்ளிக் கால்கள் வரிசையாகத் தெரியும். டிடிஆர்2 முதல் சிப்பின் கால்கள் அடியில் மறைந்துவிட்டன, வெளியே கறுப்புக் கட்டம் மட்டும்தான். டிடிஆர்5 என்றால் பலகையின் நடுவில், மெமரி சிப்களைவிடச் சிறிய ஒரு சிப்பும் அதைச் சுற்றிச் சாம்பல் நிறச் சின்னக் கட்டிகளும் இருக்கும். மின்சாரத்தைச் சீர்செய்யும் வேலை மதர்போர்டிலிருந்து ரேமுக்கே வந்துவிட்டதால் வந்த பாகங்கள் அவை. மேலே அலுமினிய உறை மாட்டிய ரேமாக இருந்தால் இது எதுவும் தெரியாது, அப்போது விளிம்பும் கட்டும் மட்டும்தான் கைகொடுக்கும்.

லேப்டாப் ரேமா டெஸ்க்டாப் ரேமா என்றுகூடச் சிலர் படத்தில் தெரியாது, பக்கத்தில் ஒன்றுமே இருக்காது. சாதாரணமாக இரண்டின் உயரமும் 3 சென்டிமீட்டரை ஒட்டித்தான். நீளம் உயரத்தைப்போல் நான்கு மடங்குக்கு மேல் இருந்தால் டெஸ்க்டாப், இரண்டு மடங்குக்குச் சற்று மேல் என்றால் லேப்டாப். லேப்டாப் ரேமில் விகிதங்கள் இன்னும் விலகி இருப்பதால் வேலை எளிது. டிடிஆர்2இல் கட் கிட்டத்தட்டக் கால்வாசியிலேயே வந்துவிடும். டிடிஆர்3இல் 37 சதவீதம். டிடிஆர்4இல் நடுவை ஒட்டி, 44 சதவீதம் அளவில்.

ஆனால் லேப்டாப்பில் கட்டைப் பார்த்துப் பெயர் சொன்னால் மட்டும் போதாது என்று எனக்குப் புரியவைத்தது, திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் அம்மா அனுப்பிய படம். நேரான படம், கட் 37 சதவீதம், சந்தேகமே இல்லாமல் டிடிஆர்3. நான் அனுப்பியதும் டிடிஆர்3தான், ஸ்லாட்டில் ஒழுங்காக உட்காரவும் செய்தது. ஆனால் லேப்டாப் திரையில் ஒன்றும் வரவில்லை. பழைய ரேமைத் திரும்ப மாட்டினால் ஓடுகிறது. "தம்பி, நீங்க குடுத்தது போய்டுச்சு போல" என்றார். அது போகவில்லை, என் கடையில் வேறொரு லேப்டாப்பில் நன்றாகவே ஓடியது. பழைய ரேமின் மறுபக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஸ்டிக்கரில் `PC3L-12800S` என்று இருந்தது. அந்த `L` என்ற ஒரு எழுத்துதான் விஷயம். சாதாரண டிடிஆர்3 1.5 வோல்ட்டில் ஓடும், இந்த வகை 1.35 வோல்ட். அவருடையது நான்காம் தலைமுறை இன்டெல் லேப்டாப். அந்தத் தலைமுறை லேப்டாப்கள் குறைந்த வோல்ட்டை எதிர்பார்ப்பவை. இரண்டு ரேமுக்கும் கட் ஒரே இடத்தில்தான் என்பதால் உருவத்தைப் பார்த்து இதை ஒருநாளும் கண்டுபிடிக்க முடியாது. 1.35 வோல்ட் ரேம் 1.5 வோல்ட் கேட்கும் லேப்டாப்பிலும் ஓடும் என்பதால், அதன் பிறகு லேப்டாப் டிடிஆர்3 என்றால் `L` உள்ளதை மட்டுமே வாங்கி வைக்கிறேன்.

அதேபோல டெஸ்க்டாப் டிடிஆர்3, டிடிஆர்4இல் சர்வர் ரேம் என்று ஒன்று மலிவாக வரும். கட், நீளம் எல்லாம் ஒன்றுதான், ஆனால் சாதாரண மதர்போர்டில் ஓடாது. ஒரு பக்கத்தில் மெமரி சிப்களை எண்ணிப் பாருங்கள். எட்டுக்குப் பதில் ஒன்பது இருந்து, நடுவில் வேறு அளவில் இன்னொரு சிப்பும் இருந்தால் அது சர்வரிலிருந்து கழற்றியது. சென்னை ரிச்சி தெருவில் ரேம் வாங்கப் போகும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஹார்டு டிஸ்க்கைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை. பழைய ஐடிஇ என்றால் இரண்டு வரிசைக் குச்சிப் பின். சாட்டா என்றால் இரண்டு தட்டை நாக்கு, ஒவ்வொன்றும் எல் எழுத்துபோல ஒரு முனையில் மடங்கியிருக்கும், சின்னது டேட்டா, பெரியது பவர். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: இரண்டு நாக்குக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா? இடைவெளி இல்லாமல் பிளாஸ்டிக்கால் இணைந்து ஒரே நீள நாக்காக இருந்தால் அது எஸ்ஏஎஸ், சர்வர் டிஸ்க். சாதாரண சாட்டா ஒயர் அதில் ஏறாது. பெரிய கொள்ளளவு குறைந்த விலை என்று வாங்கிக்கொண்டு என் கடைக்கு வந்தவர்கள் உண்டு, என்னால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை.

எனக்கு அதிகம் கேள்வி வருவது எம்.2 எஸ்எஸ்டியில்தான். சூயிங்கம் பட்டைபோல 22 மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கும் பலகை. அதன்மேல் போட்டிருக்கும் 2280, 2242, 2230 என்ற எண்களில் முதல் இரண்டு இலக்கம் அகலம், மீதி நீளம். பின்களின் வரிசையில் ஒரு கட் இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ என்ற வேகமான வகை, இரண்டு கட் இருந்தால் பெரும்பாலும் சாட்டா. இந்த அளவுக்குப் பலருக்கும் தெரியும். சிக்கல் அந்தப் "பெரும்பாலும்" என்ற சொல்லில் இருக்கிறது.

பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒரு மாணவர் ஒரு எஸ்எஸ்டியின் படத்தையும் அவருடைய லேப்டாப்பின் காலி ஸ்லாட் படத்தையும் அனுப்பினார். நண்பரிடம் குறைந்த விலைக்கு வாங்கியது. எஸ்எஸ்டியில் இரண்டு கட். ஸ்லாட்டில் ஒரே தடுப்பு. "அண்ணா, கச்சிதமா உக்காந்துடுச்சு, ஸ்க்ரூவும் போட்டுட்டேன். ஆனா எதுலயும் காட்டல." இரண்டு கட் வெட்டுவதற்குக் காரணமே, அது இரண்டு வகை ஸ்லாட்டிலும் உட்கார வேண்டும் என்பதுதான். ஆகவே உட்கார்ந்துவிட்டது என்பது எதற்கும் அத்தாட்சி இல்லை. அவருடைய ஸ்லாட் என்விஎம்இயை மட்டுமே ஏற்கும், அவர் கையில் இருந்தது சாட்டா. கட்டும் தடுப்பும் எது எதற்குள் நுழையும் என்பதை மட்டும் சொல்லும். உள்ளே நுழைந்த பிறகு அவை எந்த மொழியில் பேசும் என்பதைச் சொல்லாது. எஸ்எஸ்டியின் மாடல் எண்ணையும் லேப்டாப்பின் மாடலையும் வைத்துத்தான் அதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பக்கமாகவும் நடக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் `SN520` இரண்டு கட் உள்ளது, ஆனால் அது என்விஎம்இ. கட்டை மட்டும் பார்த்து "இது சாட்டா" என்று ஒருவருக்குச் சொல்லிவிடும் அளவுக்குப் போய், கடைசி நிமிடத்தில் மாடல் எண்ணைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

ஒரே கட் உள்ளதிலும் ஒரு விஷயம். கட் எந்த ஓரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து எம் வகை, பி வகை என்று பிரிப்பார்கள். இடம் வலம் பார்த்துச் சொன்னால் திருப்பிப் பிடித்த படத்தில் தப்பாகிவிடும் என்பதால், கட்டுக்கு வெளியே ஓரத்தில் தனியாக நிற்கும் பின்களை எண்ணுவேன். எம் வகையில் ஐந்து, பி வகையில் ஆறு. இந்த எண்ணிக்கை முன்பக்கத்துக்கு மட்டுமே, அதாவது சிப்பும் ஸ்டிக்கரும் இருக்கும் பக்கம். பின்பக்கம் எண்ணினால் எம் வகையில் நான்கும் பி வகையில் ஐந்தும்தான் வரும். பின்பக்கப் படத்தில் ஐந்தை எண்ணிவிட்டு எம் வகை என்று நினைத்தால் கதை தலைகீழ். எந்தப் பக்கம் என்று தெரியாத படத்தில் எண்ணவே கூடாது, கேட்டுவிட வேண்டும்.

அதே 22 மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கும் வைஃபை கார்டை எஸ்எஸ்டி என்று நினைத்து அனுப்புகிறவர்களும் உண்டு, முக்கியமாக 2230 அளவில். அதில் பொத்தான்போலச் சின்ன வட்டமாக இரண்டு தங்க இணைப்புகள் இருக்கும். கறுப்பும் வெள்ளையுமாக ஆன்டெனா ஒயர் மாட்டும் இடம் அது. அதைப் பார்த்தால் மற்ற எதையும் பார்க்க வேண்டாம்.

மிஷின் ஓடிக்கொண்டிருந்தால் கழற்றிப் படம் எடுக்கவே சொல்வதில்லை. விண்டோஸ் பவர்ஷெல்லில் இதை அடித்துத் திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன்:

```
Get-CimInstance Win32_PhysicalMemory | Select PartNumber, Speed, SMBIOSMemoryType
Get-PhysicalDisk | Select FriendlyName, MediaType, BusType
```

கடைசியில் வரும் எண் 24 என்றால் டிடிஆர்3, 26 டிடிஆர்4, 34 டிடிஆர்5. டிஸ்க் பக்கத்தில் `BusType` என்ற இடத்தில் `NVMe` அல்லது `SATA` என்று நேராகவே வந்துவிடும்.

ஓடாத மிஷின் என்றால் போட்டோதான். எல்லோருக்கும் ஒரே செய்தியை அனுப்புகிறேன். வெள்ளைத் தாளில் தட்டையாக வையுங்கள், கையில் பிடிக்காதீர்கள். கீழே பின்களை ஒட்டி ஒரு ஸ்கேல். போனை நேர் மேலே இரண்டு சாண் உயரத்தில் பிடித்து, தேவையான அளவு ஜூம் செய்யுங்கள். பக்கத்தில் போய் எடுத்தால் மறுபடி அந்த இழுப்பு வந்துவிடும். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, மாட்ட வேண்டிய ஸ்லாட் ஒன்று, லேப்டாப் அடியில் இருக்கும் மாடல் ஸ்டிக்கர் ஒன்று. வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் போட்டால் படத்தைச் சுருக்கிவிடுகிறது, பின்கள் கலங்கிப்போகும். அதனால் டாக்குமென்ட்டாக இணைத்து அனுப்பச் சொல்கிறேன்.

முத்துப்பேட்டைத் தம்பியிடமிருந்து போன வாரம் நான்கு படம் வந்தது. வெள்ளைத் தாள், ஸ்கேல், எல்லாம் இருந்தது. கீழே எழுதியிருந்தார்: "அண்ணே, ஒரே கட். ஸ்டிக்கர் பக்கம்தான் எண்ணினேன், அஞ்சு பின். ஸ்லாட்டும் லேப்டாப் மாடலும் இதுல இருக்கு." மாடலைத் தேடிப் பார்த்தேன், அந்த ஸ்லாட் என்விஎம்இ எடுக்கும். ஸ்க்ரூ ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்தால் நீளம் 42 மில்லிமீட்டருக்குத்தான் இடம். கடையில் இருந்ததெல்லாம் 2280. சென்னைக்குச் சொல்லி 2242 வரவழைத்து, நேற்றுக் காலை பஸ்ஸில் கொடுத்துவிட்டேன்.